மோட்டாரின் முணுமுணுப்பும் வெல்ச்சின் கத்தரியும்

நூற்பாலையில் இரவும் பகலும் ஓடும் மோட்டார் ஒன்றை நிறுத்திக் கழற்றிப் பார்ப்பது லேசான காரியமில்லை. அது நின்றால் அதை நம்பியிருக்கும் இயந்திரங்கள் எல்லாம் நிற்கும். ஆனால் மோட்டாருக்குள் சுழலும் ரோட்டாரில் ஒரு கம்பி விரிசல் விட்டிருந்தால், அதை வெளியிலிருந்து கண்ணால் பார்க்க வழியில்லை. ஆரம்பத்தில் சத்தமும் அதிகம் மாறாது. விரிசல் விட்ட கம்பி சுமக்க வேண்டிய மின்சாரத்தைப் பக்கத்துக் கம்பிகள் சுமக்கும். அவை கூடுதலாகச் சூடேறி, அடுத்த விரிசல் அங்கே விழும்.

ஓடும் மோட்டாரை நிறுத்தாமலே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மோட்டாருக்குப் போகும் ஒயரைச் சுற்றி ஒரு கிளாம்ப் மாட்டி, அதில் ஓடும் மின்சாரத்தை ஒரு நிமிடம் பதிவு செய்தால் போதும். அந்தப் பதிவுக்குள் எந்த அலைவெண்ணில் எவ்வளவு திறன் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால், விரிசல் தன் அடையாளத்தைக் காட்டும். இப்படிப் பிரித்துக் காட்டும் வரைபடத்துக்குத் திறன் நிறமாலை அடர்த்தி என்று பெயர். கிடைமட்டத்தில் அலைவெண், உயரத்தில், ஒவ்வொரு ஹெர்ட்ஸ் அகலத்திலும் அடங்கியிருக்கும் திறன்.

பதிவு செய்வது எளிது. அந்த வரைபடத்தை நம்பும்படி வரைவதுதான் கடினம். கையில் இருக்கும் பதிவை எத்தனை துண்டாக வெட்டுகிறோம் என்ற ஒரே முடிவில், விரிசல் தெரிவதும் மறைவதும் இருக்கிறது. இல்லாத கோளாறு இருப்பதுபோலத் தோன்றுவதும் அந்த முடிவில்தான்.

தேடுவது எதை?

நம் வீட்டு மின்சாரம் போலவே மோட்டாருக்கு வரும் மின்சாரமும் விநாடிக்கு 50 முறை அலைகிறது. நான்கு துருவ மோட்டாருக்குள் இதனால் உருவாகும் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும். ரோட்டார் அதைத் துரத்தும். ஆனால் முழுவதும் எட்டிப் பிடிக்காது. முழுச் சுமையில் அது 1470 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1500-க்கு 30 குறைவு. அதாவது நூற்றுக்கு இரண்டு. இந்தப் பின்தங்கலைத்தான் தொழிலில் ஸ்லிப் என்கிறார்கள்.

ரோட்டாரில் உள்ள கம்பிகள் எல்லாம் ஒழுங்காக இருந்தால் ரோட்டார் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு கம்பி விரிசல் விட்டால் அந்தச் சமநிலை குலைகிறது. அதனால் மின்சாரத்தில் ஒரு மெல்லிய ஏற்ற இறக்கம் கலக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தின் வேகம் ஸ்லிப்பின் இரு மடங்கு: 50-ல் நூற்றுக்கு நான்கு, அதாவது 2 ஹெர்ட்ஸ். வரைபடத்தில் 50 ஹெர்ட்ஸில் நிற்கும் பெரிய கோபுரத்துக்கு இரு பக்கமும், 48-லும் 52-லும், இரண்டு சின்ன முனைகள் எழும். இவற்றைப் பக்கப்பட்டைகள் என்பார்கள்.

இவை எவ்வளவு சின்னவை என்பதில்தான் சிக்கல். டெசிபல் கணக்கில் 10 குறைந்தால் திறன் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. பக்கப்பட்டை, பெரிய கோபுரத்தைவிட 54 டெசிபலுக்கு மேல் தாழ்ந்திருந்தால் ரோட்டார் நலம் என்பது பராமரிப்புத் துறையில் வழங்கும் கைக்கணக்கு. அந்த இடைவெளி 45-க்கு அருகே வந்துவிட்டால் கம்பியில் விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். 45 டெசிபல் என்பது திறனில் ஏறத்தாழ முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. மோட்டார் 10 ஆம்பியர் இழுத்தால், நாம் தேடுவது வெறும் 56 மில்லிஆம்பியர். அதுவும் கோபுரத்திலிருந்து 2 ஹெர்ட்ஸ் தள்ளி, அதன் நிழலிலேயே நிற்கிறது.

நீளமான பதிவு ஏன் கைகொடுக்கவில்லை?

விநாடிக்கு 1024 அளவீடுகள் வீதம் 64 விநாடிகள் பதிவு செய்திருக்கிறோம் என்று கொள்வோம். முதலில் தோன்றும் யோசனை, முழுப் பதிவையும் அப்படியே ஃபூரியே கணக்கில் போட்டுவிடுவது. எத்தனை விநாடி பதிவோ, ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால் வருவதே அடுத்தடுத்த அலைவெண்களுக்கு இடையே உள்ள இடைவெளி. 64 விநாடிக்கு அது ஒரு ஹெர்ட்ஸில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. இவ்வளவு நுணுக்கம் கிடைக்கும்போது வேறு என்ன வேண்டும் என்று தோன்றும்.

வரைபடத்தைப் பார்த்தால் தெரியும். 50 ஹெர்ட்ஸ் கோபுரம் நன்றாகவே இருக்கும். ஆனால் அடியில், இரைச்சல் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டிய இடத்தில், மேயாத புல்தரை போல ஆயிரக்கணக்கான கூர்முனைகள் நிற்கும். ஒன்று உயரம், அடுத்தது பள்ளம், அடுத்தது மீண்டும் உயரம். 48 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு முனை தெரிகிறது. ஆனால் அதைப்போல 46.3-லும் 53.1-லும் இன்னும் சில தெரிகின்றன. எது கோளாறு, எது தற்செயல்?

இந்தத் தொல்லைக்கு வயது நூற்றுக்கு மேல். இப்படி முழுப் பதிவிலிருந்து நிறமாலை வரையும் முறைக்குப் பீரியடோகிராம் என்று பெயரிட்டவர் ஆர்தர் சூஸ்டர் என்ற இயற்பியலாளர். வானிலைத் தரவுகளில் 26 நாள் சுழற்சி ஒன்று இருப்பதாகச் சிலர் சொன்னதைச் சோதிக்க, 1898-ல் அவர் அதைப் பயன்படுத்தினார். ஒளிந்திருக்கும் சுழற்சிகளைக் கண்டுபிடிப்பதைப் போலவே, இல்லாத சுழற்சியை இருப்பதாக நம்பிவிடாமல் தடுப்பதும் அவர் நோக்கமாக இருந்தது. ஆனால் அவருக்குப் பின்வந்தவர்கள் எல்லோரும் அந்த எச்சரிக்கையோடு நடக்கவில்லை. பிரிட்டனின் வில்லியம் பெவரிட்ஜ், பிற்காலத்தில் சமூகப் பாதுகாப்பு அறிக்கையால் புகழ்பெற்றவர், ஐரோப்பாவின் பல நூற்றாண்டுக் கோதுமை விலைகளைப் பீரியடோகிராமில் போட்டு 1920-களின் தொடக்கத்தில் வெளியிட்டார். வரைபடம் முழுக்க முனைகள் எழுந்தன. அவற்றுள் பலவற்றை அவர் மெய்யான சுழற்சிகளாக எடுத்துக்கொண்டார். பின்னாளில் புள்ளியியலாளர்கள் அந்த முனைகளில் பெரும்பாலானவற்றை ஏற்கவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது? வெறும் இரைச்சலை மட்டும் கணக்கில் போட்டுப் பார்த்தால் விடை தெளிவாகும். பீரியடோகிராமின் ஒவ்வொரு புள்ளியும் உண்மையான மதிப்பைச் சுற்றி ஆடுகிறது. அந்த ஆட்டத்தின் அளவு உண்மையான மதிப்புக்கே சமம். அதாவது பிழை நூற்றுக்கு நூறு. ஆயிரம் புள்ளிகளை எடுத்தால், ஏறத்தாழ 50 புள்ளிகள் சராசரியைவிட மூன்று மடங்குக்கு மேல் எழுந்து நிற்கும். ஏறத்தாழ 95 புள்ளிகள் சராசரியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்து கிடக்கும். அந்த ஐம்பதில் ஒவ்வொன்றும் ஏதோ கண்டுபிடிப்பு போலவே தெரியும்.

இன்னும் நீளமாகப் பதிவு செய்தால் சரியாகிவிடாதா? ஆகாது. இதுதான் இந்த விஷயத்தில் பலரும் வழுக்கும் இடம். 64 விநாடியை 128 ஆக்கினால், வரைபடத்தில் புள்ளிகளின் எண்ணிக்கையும் இரட்டிப்பாகும். புதிதாக வந்த தகவல் முழுவதும் புதிய புள்ளிகளுக்கே பங்கு போய்விடுகிறது. பழைய புள்ளிக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. சம்பளம் இரட்டிப்பான அதே மாதத்தில் வீட்டில் ஆளும் இரட்டிப்பானால், தலைக்குக் கிடைப்பது பழைய அளவுதானே? புல்தரை இன்னும் அடர்த்தியாகும். அதன் உயர ஏற்ற இறக்கம் ஒரு துளியும் குறையாது.

வெட்டிச் சராசரி எடுப்பது

இதற்கு வழி காட்டியவர் இங்கிலாந்தின் புள்ளியியலாளர் மாரிஸ் பார்ட்லெட். 1948-லும் 1950-லும் அவர் எழுதிய கட்டுரைகளின் கருத்து மிக எளிது. நீளமான பதிவை ஒரே நீளத் துண்டுகளாக வெட்டு; ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகப் பீரியடோகிராம் போடு; பிறகு அவற்றைப் புள்ளிக்குப் புள்ளி சராசரி எடு. ஒரு துண்டில் தற்செயலாக எழுந்த முனை அடுத்த துண்டில் அதே இடத்தில் எழ வேண்டியதில்லை. மெய்யான முனை மட்டும் எல்லாத் துண்டிலும் அதே இடத்தில் வரும்.

சராசரி எடுக்க வேண்டியது திறனை, அலைகளை அல்ல. இரைச்சல் அலைகளை நேரடியாகக் கூட்டினால் ஒன்றன் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்து, நாம் அளக்க வந்த இரைச்சலே கரைந்துபோகும். அதேபோல டெசிபலாக மாற்றிவிட்டுச் சராசரி எடுப்பதும் தவறு. ஒவ்வொரு துண்டின் பள்ளங்களும் டெசிபலில் மிக ஆழமாகத் தெரிவதால், இரைச்சல் மட்டம் உண்மையைவிட ஏறத்தாழ இரண்டரை டெசிபல் குறைவாக வரும். முதலில் திறனில் சராசரி எடுத்து, கடைசியில்தான் டெசிபலாக்க வேண்டும்.

பிழை எவ்வளவு குறையும்? துண்டுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைக்கும். 4 துண்டு என்றால் நூற்றுக்கு 50. 16 துண்டு என்றால் 25. 64 துண்டு என்றால் பன்னிரண்டரை. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு துண்டு வேண்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. நம் 64 விநாடிப் பதிவை 16 துண்டாக்கினால் ஒவ்வொன்றும் 4 விநாடிதான். அலைவெண் இடைவெளி கால் ஹெர்ட்ஸாகப் பெருத்துவிடும். 64 துண்டாக்கினால் முழு ஒரு ஹெர்ட்ஸ். பிழையைக் குறைக்கக் குறைக்க, நெருங்கி நிற்கும் இரண்டு முனைகளைப் பிரித்தறியும் திறன் மழுங்குகிறது. பிழையை ஒன்றின் பின்னமாக எழுதி, அதன் வர்க்கத்தை அலைவெண் இடைவெளியாலும் மொத்தப் பதிவு நேரத்தாலும் பெருக்கினால் எப்போதும் ஒன்றுக்கு அருகேதான் வரும். 4 துண்டுக்கும் அதேதான், 64 துண்டுக்கும் அதேதான். துணி ஒன்றுதான், அதில் சட்டை தைக்கலாம், அல்லது பல கைக்குட்டை தைக்கலாம். இரண்டையும் முழு அளவில் தைக்க முடியாது.

ஓரங்களை மெல்லத் தேய்ப்பது

துண்டாக வெட்டும்போது இன்னொரு கோளாறு நுழைகிறது. 50 ஹெர்ட்ஸ் அலையை எங்கோ நடுவில் வெட்டினால், துண்டின் தொடக்கமும் முடிவும் பொருந்தாமல் ஒரு படி விழும். கணக்கு அந்தப் படியையும் அலையாகவே எடுத்துக்கொள்ளும். கோபுரத்தின் திறன் அக்கம்பக்க அலைவெண்களுக்கு எல்லாம் வழிந்துவிடும். இதற்குக் கசிவு என்று பெயர்.

மின்வாரியம் தரும் அலைவெண் சரியாக 50-ல் நிற்பதில்லை. இந்திய மின்தொகுப்பில் அனுமதிக்கப்பட்ட வரம்பே 49.90 முதல் 50.05 வரை. அந்த நேரத்தில் அது 49.96 ஆக இருந்தது என்று கொள்வோம். 4 விநாடித் துண்டுகளை அப்படியே வெட்டிக் கணக்கில் போட்டால், 48 ஹெர்ட்ஸில் கசிவு மட்டுமே கோபுரத்தைவிடச் சுமார் 34 டெசிபல் தாழ்வில் நிற்கும். நாம் தேடும் பக்கப்பட்டையோ 45 டெசிபல் தாழ்வில். வெள்ளத்துக்கு அடியில் கிடக்கும் கல் போல அது மறைந்துவிடும். எத்தனை துண்டுகளைச் சராசரி எடுத்தாலும் பயனில்லை. கசிவு தற்செயல் அல்லவே. எல்லாத் துண்டிலும் அது ஒரே இடத்தில் வரும்.

இதற்கு மருந்து சாளரம். துண்டின் நடுப்பகுதியை அப்படியே விட்டு, இரு ஓரங்களையும் மெல்ல மெல்லப் பூஜ்யத்துக்கு இறக்கும் ஒரு வளைவால் துண்டைப் பெருக்குவார்கள். இவற்றுள் அதிகம் புழங்குவது மணி வடிவ ஹான் சாளரம். ஆஸ்திரிய வானிலை அறிஞர் ஜூலியஸ் ஃபான் ஹானின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. ஓரத்தில் படியே இல்லாததால் கசிவு வேகமாக இறங்கிவிடும். அதே 4 விநாடித் துண்டில், அதே 49.96 ஹெர்ட்ஸில், 48-ல் விழும் கசிவு இப்போது சுமார் 70 டெசிபல் தாழ்ந்துவிடும். வெள்ளம் வடிந்து கல் வெளியே தெரிகிறது.

சாளரமும் இலவசமல்ல. கோபுரத்தின் தலைப்பகுதி ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அகலமாகிறது. கசிவைத் துடைக்க, பக்கத்துப் புள்ளிகளைப் பிரித்தறியும் திறனில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கிறோம்.

இரண்டாவது இழப்பு, ஓரங்களில் இருந்த தரவு. அதைப் பூஜ்யத்தால் பெருக்கினால் அந்த விநாடிகளைப் பதிவு செய்ததே வீண். இங்கேதான் பீட்டர் வெல்ச் வருகிறார். ஐ.பி.எம். ஆய்வகத்தில் இருந்த அவர் 1967-ல் நான்கே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். ஃபூரியே கணக்கைப் பல மடங்கு வேகமாக்கிய கூலி–டூக்கி முறை வெளிவந்து அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த வேகக் கணக்கை எடுத்துக்கொண்டு, துண்டுகளைச் சாளரத்தால் பெருக்கி, ஒன்றின் மேல் ஒன்று படியும்படி வெட்டிச் சராசரி எடுக்கலாம் என்று அவர் காட்டினார். சின்னச் சின்னத் துண்டாகக் கணக்கிடுவதால், அன்றைய கணினிகளின் சிறிய நினைவகத்துக்கும் அது பொருந்தியது.

படிய வெட்டுவது என்றால் என்ன? முதல் துண்டு 0 முதல் 4 விநாடி வரை. இரண்டாவது 4-ல் தொடங்காமல் 2-ல் தொடங்கி 6-ல் முடியும். மூன்றாவது 4 முதல் 8. முதல் துண்டின் ஓரத்தில் நசுங்கிய தரவு இரண்டாவது துண்டின் நடுவில் முழு உயரத்தில் வந்து நிற்கும். இப்படி 64 விநாடியில் 16-க்குப் பதிலாக 31 துண்டு கிடைக்கும். அடுத்தடுத்த துண்டுகள் பாதியைப் பகிர்ந்துகொள்வதால் அவை முழுக்கச் சுதந்திரமானவை அல்ல. ஆனால் ஹான் சாளரம் பகிர்ந்த பகுதியை ஒரு துண்டில் ஏற்றும்போது மற்றதில் இறக்குவதால், இந்தத் தொடர்பு மிகக் குறைவு. 31 துண்டுகள் ஏறத்தாழ 29 தனித் துண்டுகளுக்குச் சமம். பிழை 25-லிருந்து 18-க்கு இறங்குகிறது. கூடுதலாக ஒரு விநாடிகூடப் பதிவு செய்யாமல் கிடைத்த லாபம் இது. பாதிக்கு மேல் படிய வெட்டினால் துண்டுகள் பெருகுமே தவிர, புதிய தகவல் மிகக் கொஞ்சமே சேரும்.

ஒரே பதிவு, மூன்று வெட்டு

இப்போது அந்த 64 விநாடிப் பதிவை மூன்று விதமாக வெட்டிப் பார்ப்போம். மூன்றிலும் ஹான் சாளரம்தான்.

முதலில் 1 விநாடித் துண்டுகள். படிய வெட்டினால் 127 கிடைக்கும். பிழை நூற்றுக்குப் பத்துக்கும் கீழே. இரைச்சல் மட்டம் வழுக்குத்தரை போல நேராக இருக்கும். பார்க்க அழகான படம். ஆனால் 50 ஹெர்ட்ஸ் கோபுரத்தின் அடிவாரம் இரு பக்கமும் இரண்டு ஹெர்ட்ஸ் பரந்து, சரியாக நம் பக்கப்பட்டை நிற்கும் இடம் வரை வந்துவிடும். அலைவெண் 49.96-ல் இருந்தால், அந்த இடத்தில் கோபுரத்தின் சொந்தத் திறனே 43 டெசிபல் தாழ்வில் இருக்கிறது. 45 டெசிபல் தாழ்ந்த பக்கப்பட்டை அதற்குள் அமிழ்ந்துவிடும். படத்தைப் பார்ப்பவர் மோட்டார் நலம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்.

அடுத்தது முழு 64 விநாடியும் ஒரே துண்டு. கோபுரம் ஊசி போல மெலிந்துவிட்டது. பக்கப்பட்டை அதிலிருந்து வெகுதூரத்தில். ஆனால் 48 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு முனைக்குப் பதிலாகச் சிதறலாகப் பல முனைகள் தெரியும். காரணம், மோட்டாரின் சுமை ஒரு நிமிடத்துக்கு அசையாமல் நிற்பதில்லை. சுமை கொஞ்சம் கூடினால் ஸ்லிப் கூடும். அது நூற்றுக்கு 1.9-க்கும் 2.1-க்கும் இடையே ஆடினால், பக்கப்பட்டை 48-ஐச் சுற்றி 0.2 ஹெர்ட்ஸ் அகலத்தில் பரவிவிடும். அதாவது அது ஊசியே அல்ல. ஒரு சிறு மேடு. 64 விநாடித் துண்டு அந்த மேட்டைப் பதின்மூன்று புள்ளிகளாக உடைத்து, ஒவ்வொரு புள்ளியையும் தாறுமாறாக ஆட்டிவைக்கிறது. அந்த முனைகளின் உயரத்தை வைத்து 45 டெசிபலா 54 டெசிபலா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

மூன்றாவது 4 விநாடி. புள்ளிகளின் இடைவெளி கால் ஹெர்ட்ஸ். பக்கப்பட்டை கோபுரத்திலிருந்து எட்டுப் புள்ளி தள்ளி நிற்கிறது. ஹான் சாளரத்தின் கசிவு அங்கே எட்டாது. 0.2 ஹெர்ட்ஸ் மேடு முழுவதும் ஒரே முனையாகத் திரண்டு நிற்கிறது. 31 துண்டுகளின் சராசரி இரைச்சலை நூற்றுக்கு 18-க்குள் அடக்குகிறது. டெசிபலில் ஒன்றுக்கும் குறைவான ஆட்டம். 45-ஐயும் 54-ஐயும் பிரிக்க அது தாராளம். தேடும் பொருளின் அகலத்துக்கு ஏற்றபடி வெட்டியதால்தான் அது தெரிகிறது.

பைத்தான் மொழியில் சைபை நூலகத்தோடு வேலை செய்பவர்களுக்கு இந்த மூன்றாவது வெட்டு ஒரே வரிதான்:

```python
f, P = welch(x, fs=1024, window="hann",
             nperseg=4096, noverlap=2048)
```

இதில் `nperseg` என்பதைக் குறிப்பிடாமல் விட்டால், அந்த நிரல் தானாகவே 256 அளவீடுகளை ஒரு துண்டாக எடுத்துக்கொள்ளும். நம் பதிவில் அது கால் விநாடி. புள்ளிகளின் இடைவெளி 4 ஹெர்ட்ஸ். 48-ஐயும் 50-ஐயும் அது ஒரே புள்ளியில் போட்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. வழவழவென்று நம்பிக்கை தரும் ஒரு படம் வரும். அதில் விரிசல் மட்டும் இருக்காது.

முனை மெய்யா என்று சோதிப்பது

துண்டின் நீளத்தைச் சரியாக ஊகிக்க முடியாதபோது, அனுபவமுள்ளவர்கள் ஒரே நீளத்தை நம்பி உட்காருவதில்லை. இரட்டிப்பாக்கிப் பார்ப்பார்கள். துண்டின் நீளத்தை இரட்டிப்பாக்கும்போது முனையின் உயரமும் இரட்டிப்பானால், அது மெய்யான ஊசி. ஒரே அலைவெண்ணில் நிற்கும் தூய அலை. ஏனென்றால் அதன் திறன் முழுவதும் பாதி அகலத்துக்குள் சுருங்கி நிற்கிறது. உயரம் மாறாமல் வடிவம் மட்டும் தெளிவானால், அது அகலம் கொண்ட மேடு. ஒவ்வொரு முறையும் இடம் மாறிக் குதித்தால், அது இரைச்சலின் விளையாட்டு.

இதைவிட எளிய சோதனை, பதிவின் முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் தனித்தனியே வரைவது. மெய்யான பக்கப்பட்டை இரண்டிலும் இருக்கும். இரு பாதிகளின் இரைச்சல் மட்டமே வெவ்வேறாக இருந்தால், பதிவின் நடுவே மோட்டாரின் நிலை மாறிவிட்டது என்று பொருள். அப்போது சராசரி எடுப்பதற்கே அர்த்தமில்லை. இரண்டு வேறு மோட்டார்களைக் கூட்டிப் பாதியாக்கியது போலாகும்.

எந்த வெட்டும் உதவாத இடங்களும் உண்டு. மோட்டார் சுமையில்லாமல் ஓடினால் ஸ்லிப் நூற்றுக்கு 0.2 ஆகச் சுருங்கிவிடலாம். அப்போது பக்கப்பட்டை கோபுரத்திலிருந்து 0.2 ஹெர்ட்ஸ் தூரத்தில்தான் இருக்கும். அதைப் பிரிக்க 4 விநாடி போதாது. இருபது, முப்பது விநாடித் துண்டுகள் வேண்டும். அதற்கேற்பப் பதிவும் பல நிமிடம் நீள வேண்டும். ஆனால் சுமையில்லாதபோது கம்பிகளில் ஓடும் மின்சாரமே குறைவு. விரிசலின் அடையாளமும் மங்கல். ஆகவே நல்ல சுமையில் ஓடும்போது பதிவு செய்வதே முறை. இன்னொன்று: மோட்டார் ஓட்டும் இயந்திரமே விநாடிக்கு இரண்டு முறை இழுத்து விட்டால், ரோட்டார் நலமாக இருந்தாலும் 48-லும் 52-லும் முனை எழும். அதை வெல்ச் முறையால் பிரிக்க முடியாது. சுமையை மாற்றி மீண்டும் பதிவு செய்து, முனை ஸ்லிப்போடு சேர்ந்து நகர்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மோட்டாருக்குச் சொன்ன இந்தக் கணக்கு மூளை அலைக்கும் கடல் அலைக்கும் அப்படியே பொருந்தும். ஆகவே எங்கேயாவது ஒரு நிறமாலைப் படத்தைக் கண்டால், முனைகளைப் பார்க்கும் முன் இரண்டு எண்களைக் கேளுங்கள்: ஒரு துண்டு எத்தனை விநாடி, எத்தனை துண்டுகளின் சராசரி? முதல் எண் சொல்லாத படத்தில், ஒரு முனை இல்லை என்பதை நம்ப வேண்டாம். இரண்டாவது எண் சொல்லாத படத்தில், ஒரு முனை இருக்கிறது என்பதை நம்ப வேண்டாம்.